சதுரக்கள்ளியின் மேல் கட்டிய ஒட்டு

2019ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், திருச்சியில் என் வீட்டு மொட்டைமாடியில் இருந்த சிவப்பு நிலாக் கள்ளி அழுகத் தொடங்கியது. நர்சரிகளில் பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு உருண்டை உட்கார்ந்திருக்குமே, அந்தச் செடிதான். அந்த உருண்டை ஜிம்னோகாலிசியம் மிஹானோவிச்சி என்னும் கள்ளியின் பச்சையமற்ற வகை. தனக்குத் தேவையான உணவைத் தானே தயாரித்துக்கொள்ள அதனால் முடியாது. அதனால்தான் அதை மூன்று பட்டையுள்ள ஒரு பச்சைத் தண்டின் மேல் ஒட்டுக் கட்டி விற்கிறார்கள். அந்தத் தண்டு ஹைலோசீரியஸ், அதாவது டிராகன் பழக் கொடியின் துண்டு. அது சில ஆண்டுகளில் மெலிந்து அழுகிவிடுவது வழக்கம். என் செடிக்கும் அதுவே நடந்தது. மேலே உருண்டை நலமாக இருக்க, கீழே தண்டு கூழாகிவிட்டது.

உருண்டையைக் காப்பாற்ற வேண்டுமானால் புதிய வேர்ச்செடி ஒன்றின் மேல் உடனே ஒட்டுக் கட்ட வேண்டும். சாலையோர நர்சரி ஒன்றில் மூன்று பட்டையுள்ள தண்டு கேட்டேன். விற்றவர் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை எடுத்துக் கொடுத்து, "இதுலதான் சார் எல்லாரும் ஒட்டுக் கட்டுவாங்க" என்றார். ஒரு முழ உயரம், வழுவழுப்பான பச்சை, மூன்று சிறகு போன்ற பட்டைகள், பட்டையின் விளிம்பில் சிறுசிறு முட்கள். என் அழுகிய தண்டுக்கும் இதற்கும் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடே தெரியாது. அரையடி தூரத்திலிருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கத்தியைத் தீயில் காட்டி, தண்டை உச்சியிலிருந்து ஒரு விரற்கடை கீழே வெட்டினேன். வெட்டிய முகம் முழுவதும், சிறகு விளிம்புவரை, வெள்ளைப் பால் துளிர்த்து வழிந்தது. அந்த நொடியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கள்ளிகளிலும் சிலவற்றுக்குப் பால் உண்டு என்று நான் எங்கோ படித்திருந்தேன். அரைகுறையாகத் தெரிந்த அந்த ஒரு விதிவிலக்கை வைத்துக்கொண்டு, கண்ணெதிரே இருந்த சான்றைத் தள்ளிவிட்டேன். பாலைத் தாளால் ஒற்றி ஒற்றி எடுத்து, அது சற்று அடங்கியதும் சிவப்பு உருண்டையை அதன் மேல் வைத்து, தொட்டியின் அடியோடு சேர்த்து இரண்டு ரப்பர் வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டேன். உருண்டையின் பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் இரண்டு குட்டிகள் இருந்தன. அவற்றைத் திருகி எடுத்து, நிழலில் ஒரு செய்தித்தாளின் மேல் வைத்தது மட்டும் அன்று நான் செய்த சரியான வேலை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மாலையில் ஏதோ உறுத்த, வலக்கண்ணைத் தேய்த்தேன். நகக்கண்ணில் காய்ந்து ஒட்டியிருந்த பால் அதற்குள் போயிருக்க வேண்டும். முதல் சில நிமிடங்களுக்கு இலேசான எரிச்சல்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. விளக்கின் வெளிச்சமே ஊசியாகக் குத்தியது. கண் மருத்துவர் மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைக் கண்ணில் விட்டு நீல ஒளியில் பார்த்துவிட்டு, கருவிழியின் மேற்பரப்பு உரிந்திருப்பதாகச் சொன்னார். இரண்டு நாள் பார்வை புகைமூட்டமாக இருந்தது. நான்காம் நாளில்தான் வலி முழுதாக அடங்கியது. கள்ளிப்பாலின் இயல்பே இதுதான் என்று பின்னர் அறிந்தேன்: பட்டவுடன் அது முழு வேகத்தையும் காட்டுவதில்லை. பல மணி நேரம் கழித்து மோசமாகி, பிறகுதான் தணியும். ஆகவே, பட்ட உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும். எரிச்சல் குறைவாக இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் கண்ணில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடச் சொல்வார்கள். தண்ணீரைத் தவிர வேறெதையும் விடாமல், முடிந்தால் செடியின் படத்துடன் மருத்துவரிடம் போவதே நல்லது. கையில் காய்ந்த பால் வெறும் தண்ணீருக்குக் கரையாது. முதலில் எண்ணெய் தேய்த்து, அதன்பின் சோப்பால், நகக்கண் உட்பட, கழுவினால்தான் போகும்.

பத்தாம் நாள் ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். உருண்டை தானாகவே கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி சுருங்கி, இரண்டுக்கும் நடுவே காய்ந்த பிசின் போலப் பழுப்புப் படலம் ஒன்று படிந்திருந்தது. ஒரு நரம்புகூடச் சேரவில்லை. அந்த வாரம் ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா மாடிக்கு ஏறி வந்து, தலை வெட்டப்பட்ட அந்தத் தொட்டியைப் பார்த்ததும் கேட்டார்: "ஏன்டா தம்பி, வேலியில கெடக்குற சதுரக்கள்ளியப் போயி காசு குடுத்தா வாங்குன?"

எனக்கு விளங்கிவிட்டது. சதுரக்கள்ளி, யூஃபோர்பியா ஆன்டிகோரம். பெயரில் சதுரம் இருந்தாலும் மூன்று பட்டையோடும் வரும். இளஞ்செடி பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கள்ளி என்று நாம் சொல்லும் சொல் உண்மையில் இந்தச் செடிக்கும் இதன் சுற்றத்துக்கும் உரியது. சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வருகிற கள்ளி இவைதாம். ஏனெனில் சப்பாத்திக்கள்ளி உட்பட, தாவரவியலார் காக்டஸ் என்று சொல்லும் குலம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பிறகுதான் அது கடல் கடந்து வந்தது. ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் மரங்களின் மேல் இயற்கையாக வளர்கிறது. வந்த குடிக்கு நாம் பழைய குடியின் பெயரை வைத்துவிட்டோம். ஆனால் கள்ளிப்பால் என்ற சொல்லை மட்டும் யாரும் சப்பாத்திக்கள்ளிக்குச் சொல்வதில்லை. அதில் பால் இல்லை என்பது ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும்.

இரண்டும் எவ்வளவு தொலைவான உறவு என்பதை அவற்றின் சொந்தங்களைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். சதுரக்கள்ளி ஆமணக்கு, மரவள்ளி, குப்பைமேனி ஆகியவற்றின் குடும்பம். தரையோடு படரும் அம்மான் பச்சரிசி அதன் பேரினத்தையே சேர்ந்தது. கிள்ளினால் இரண்டிலும் அதே வெள்ளைப் பால். காக்டஸோ பருப்புக்கீரைக்கும் பசலைக்கும் பக்கத்துச் சொந்தம். ஆமணக்கின் மேல் கீரைத்தண்டை வைத்து ஒட்டுக் கட்டியது போன்ற வேலையைத்தான் நான் செய்திருக்கிறேன். வறண்ட நிலத்தில் நீரைத் தண்டில் சேமிக்க வேண்டிய ஒரே நெருக்கடி, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஒரு குடும்பத்தையும் அமெரிக்காவில் மற்றொரு குடும்பத்தையும் ஒரே உருவத்துக்குத் தள்ளியிருக்கிறது.

அதன்பின், பக்கத்து வீட்டு மாடியில் படர்ந்திருந்த டிராகன் பழக் கொடியிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி, சதுரக்கள்ளிக்குப் பக்கத்தில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸால் இரண்டையும் பல நாட்கள் பார்த்தேன். நான் கற்றது பெரும்பாலும் இந்த இரண்டு துண்டுகளிலிருந்துதான். ஆகவே அவற்றைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

டிராகன் கொடியின் பட்டை விளிம்பு அலை அலையாக இருக்கும். ஒவ்வோர் அலையின் பள்ளத்திலும் மிளகை விடச் சிறிய, சாம்பல் நிறமான மெத்தை ஒன்று தெரியும். லென்ஸில் பார்த்தால், அது கம்பளித் துணியின் நைந்த ஓரம் போல நுண்ணிய மயிர்கள் நெருங்கிய ஒரு திட்டு. இதைத்தான் அரியோல் என்கிறார்கள். முட்கள் இந்த மெத்தைக்குள்ளிருந்துதான் கிளம்புகின்றன, குண்டூசி மெத்தையில் ஊசிகளைக் குத்தி வைத்ததுபோல. இந்தக் கொடியில் அவை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள கூம்புகள். ஒரு மெத்தையில் ஒன்று இருக்கும், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் இரண்டு. சாமணத்தால் ஒரு முள்ளைப் பிடித்து இழுத்தேன். மெத்தையில் ஒரு சிறு குழியை விட்டுவிட்டு முள் மட்டும் தனியாக வந்தது. பச்சைத் தோல் கிழியவில்லை, ஒரு துளிகூடக் கசியவில்லை.

அரியோல் வெறும் முள் ஒட்டிய இடமன்று. அது சுருங்கிப்போன ஒரு கிளை. இலைக் கக்கத்தில் இருக்க வேண்டிய மொட்டு நீளாமல் ஒரு புள்ளியில் அடங்கி, அதன் இலைகள் முட்களாகிவிட்டன. அதனால்தான் பூவும் பழமும் புதுக் கிளையும் அந்த மெத்தையிலிருந்தே வருகின்றன. ஒரு செடியில் முள்ளும் பூவும் ஒரே மயிர்த்திட்டிலிருந்து கிளம்புவதைப் பார்த்துவிட்டால், அது காக்டஸ் என்பதில் ஐயமில்லை. பட்டைகளுக்குப் பதிலாகக் குமிழ்கள் உள்ள மாமிலேரியா போன்ற காக்டஸ்களில் மட்டும் இந்தத் திட்டு இரண்டாகப் பிரிந்திருக்கும்: முட்கள் குமிழின் நுனியிலும், பூ குமிழ்களுக்கு இடைப்பட்ட பள்ளத்திலும் வரும்.

இனி சதுரக்கள்ளி. விளிம்பிலே முள் இருக்கும் இடத்தில் மெத்தை இல்லை, மயிரும் இல்லை. பழுப்பும் சாம்பலும் கலந்த, கொம்பு போன்ற கடினத் தகடு ஒன்று தோலோடு தோலாகப் பதிந்திருக்கிறது. அதிலிருந்து இரண்டு முட்கள், ஆட்டுக் கொம்பு போல, வலமும் இடமுமாக விரிகின்றன. தகடும் முள்ளும் ஒரே பொருள். எங்கே தகடு முடிந்து முள் தொடங்குகிறது என்று லென்ஸிலும் சொல்ல முடியவில்லை. இரண்டு முட்களுக்கும் நடுவில் உதிர்ந்த சிற்றிலையின் தழும்பு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அதற்குச் சற்று மேலே, தகட்டுக்கு வெளியே, கடுகளவு மொட்டுக் கண் ஒன்று இருந்தது. இந்த இரண்டு முட்களும் இலையடிச் செதில்களின் மாற்றுருவம். எனவே இலைத் தழும்புக்கு இருபுறமும் ஒன்றொன்றாக, இரட்டையாகவே வருகின்றன. சாமணத்தால் இழுத்தபோது முள் தனியாக வரவில்லை. தகடு தோலோடு கிழிந்தது. கிழிந்த கீற்றில் உடனே வெள்ளை ஊறியது.

இந்த ஒரே செயலில் இரண்டு சான்றுகளும் கிடைத்துவிடுகின்றன என்பதால், எனக்கு இப்போதும் பிடித்த சோதனை இதுதான். ஆனால் முட்களை எண்ணி முடிவு செய்கிற வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். இரட்டை முள் என்றால் யூஃபோர்பியா என்று பலர் சொல்வார்கள். என் டிராகன் துண்டிலேயே இரண்டு முட்கள் மட்டும் உள்ள அரியோல்கள் பல இருந்தன. மறுபக்கம், யூஃபோர்பியா ஈனோப்லாவில் பட்டை நெடுகச் சிவந்த முட்கள் ஒற்றை ஒற்றையாக நிற்கும். அவை இலையடிச் செதில்கள் அல்ல, பூக்காமல் காய்ந்து இறுகிய பூக்காம்புகள். அதை முதன்முறை பார்க்கிற எவரும் காக்டஸ் என்றுதான் சொல்வார்கள். எண்ணிக்கை ஏமாற்றும், முள்ளின் அடியில் மயிர்மெத்தை இருக்கிறதா, வெறும் தோல் இருக்கிறதா என்று பார்ப்பதே கேள்வி.

அந்த மெத்தையும் ஒருமுறை என்னை ஏமாற்றியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தம் வீட்டு வாசலில் ஆளுயரத்துக்கு நின்ற தூண் கள்ளியைக் காட்டி, இது எந்தக் குலம் என்று கேட்டார். ஒவ்வொரு சோடி முள்ளுக்கும் அடியில் வெண்பஞ்சுத் திட்டு தெளிவாகத் தெரிந்தது. லென்ஸை எடுக்காமலே காக்டஸ் என்று சொல்லிவிட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதுதான், பஞ்சு எல்லா முட்களிலும் ஒரே அளவில் இல்லை என்பதையும், உச்சியில் புதிதாக வந்த முட்களில் அறவே இல்லை என்பதையும் கவனித்தேன். அரியோல் என்றால் இளம் நுனியில்தான் பஞ்சு தடிப்பாகவும் வெளுப்பாகவும் இருக்க வேண்டும். வயதாக ஆகத்தான் அது நைந்து கறுக்கும். இங்கே தலைகீழாக இருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு திட்டைத் துடைத்தேன். பிசுபிசுப்பாக வழித்துக்கொண்டு வந்தது. அடியில் கொம்புத் தகடு பளிச்சென்று தெரிந்தது. அத்தனையும் மாவுப்பூச்சி. முள்ளின் இடுக்கு அவற்றுக்குக் காற்றும் மழையும் படாத நல்ல வீடு. அரியோலின் மயிர் ஸ்பிரிட்டில் நனைந்து படியுமே தவிர, துடைத்தால் போகாது. செடிக்குப் பெயர் சொல்லப் போன நான் அன்று அதற்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

முள்ளே இல்லாத செடிகளில் இந்தப் பார்வை இன்னும் நன்றாகப் பயன்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்துக்குரிய யூஃபோர்பியா ஒபீசாவும், டெக்சாசிலும் வடகிழக்கு மெக்சிகோவிலும் வளரும் ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸும் பந்து போன்றவை, முள்ளற்றவை. இரண்டிலும் பெரும்பாலும் எட்டுப் பட்டைகள் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்பார்கள். ஆனால் ஆஸ்ட்ரோஃபைட்டத்தின் ஒவ்வொரு பட்டையின் நடுக்கோட்டிலும் சட்டைப் பொத்தான் வரிசை போல வட்டமான பஞ்சுத் திட்டுகள் இருக்கும். முள் போனாலும் அரியோல் போவதில்லை. ஒபீசாவின் பட்டை முகட்டிலோ கிழிந்த பையைத் தைத்த தையல் போலச் சிறு தழும்புகள் மட்டும் ஓடும், பஞ்சு இருக்காது. விலை உயர்ந்த இப்படிப்பட்ட செடியில் ஊசியால் குத்திப் பார்க்கத் தேவையே இல்லை.

சப்பாத்திக்கள்ளிக்கும் லென்ஸ் தேவையில்லை, கையே சொல்லிவிடும். அதன் அரியோல்களில் பெரிய முட்களோடு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சுணையும் கொத்துக் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு சுணையிலும் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. இலேசாகத் தொட்டாலே கழன்று தோலில் ஏறிக்கொள்ளும். இந்தச் சுணை சப்பாத்திக்கள்ளியின் உட்குலத்துக்கு மட்டுமே உரியது. எந்த யூஃபோர்பியாவிலும் கிடையாது. சிறுவயதில் அதன் சிவந்த பழத்தை மணலில் புரட்டித் தேய்த்துத் தின்றவர்களுக்கு நினைவிருக்கும், பழத்தின் தோலிலும் சுணைத் திட்டுகள் இருந்ததை. பழத்தின் மேல்கூட அரியோல்! யூஃபோர்பியாவின் காய் ஆமணக்கைப் போல மூன்று புடைப்புள்ள சிறு காய்.

இனிப் பாலுக்கு வருகிறேன், ஏனெனில் அதைச் சோதிக்கிற முறையிலும் அதன் பொருளைப் புரிந்துகொள்வதிலும்தான் தவறு அதிகம் நடக்கிறது. வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு, தண்டின் உச்சியை விட்டுவிட்டு, பட்டையின் சதைப்பகுதியில் தையல் ஊசியின் நுனியை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி எடுத்தால் போதும். முகத்தைச் செடிக்கு நேராகக் குனிந்து வைக்கக் கூடாது. கொழுத்த செடியில் பால் சற்றே தெறித்தும் வரும். யூஃபோர்பியாவாக இருந்தால், ஊசியை எடுக்கும்போதே வெள்ளை மணி ஒன்று திரளும். காக்டஸாக இருந்தால் ஒன்றும் வராது, அல்லது நிறமற்ற நீரோ கற்றாழைச் சோறு போன்ற வழவழப்போ தெரியும். சோதித்தபின் ஈரத் தாளைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் பால் உறைந்து நின்றுவிடும். அடுத்த செடிக்குப் போகுமுன் ஊசியைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் முந்தைய செடியின் பாலே அடுத்ததற்குப் பொய்ச்சாட்சி சொல்லும்.

பழுத்துத் தக்கையாகிவிட்ட அடித்தண்டில் குத்தினால் யூஃபோர்பியாவிலும் ஒன்றும் வராமல் போகலாம். மாதக்கணக்கில் தண்ணீர் காணாமல் சுருங்கிய செடியும் அப்படித்தான். ஆகவே, பால் வரவில்லை என்றால் பச்சையான வேறோர் இடத்தில் இன்னொரு முறை குத்திப் பார்த்த பின்பே அதை ஒரு விடையாகக் கொள்கிறேன்.

பால் வருகிற காக்டஸ் உண்மையிலேயே உண்டு. அன்று என்னைத் தவறாக வழிநடத்திய அந்த விதிவிலக்கு மாமிலேரியா பேரினத்தின் ஒரு பகுதி. பின்னர் நான் வாங்கிய மாமிலேரியா மாக்னிமாமாவைக் குத்தியபோது உண்மையாகவே வெள்ளைத் துளி வந்தது. ஆனால் அது பட்டைகளே இல்லாத, குமிழ் குமிழாகப் புடைத்த, ஒவ்வொரு குமிழின் நுனியிலும் முட்கொத்து உள்ள, குமிழ்களின் இடுக்கில் வெண்பஞ்சு அடைந்த செடி. மூன்று பட்டைத் தண்டில் பால் வந்ததற்கு மாமிலேரியாவை மேற்கோள் காட்டிய என் அறியாமையை என்னென்பது! விதிவிலக்கை அறிந்தால் மட்டும் போதாது. அது எந்த உருவத்துக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும். பட்டையுள்ள தூண், கொம்புத் தகடு, வெள்ளைப் பால் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அங்கே மாமிலேரியாவுக்கு இடமில்லை.

மறுபக்கத் தவறும் இருக்கிறது. பால் வராததால் ஒரு செடி காக்டஸ் ஆகிவிடாது. நம் புதர்க்காடுகளில் வளரும் கள்ளிமுளையானைக் கிள்ளினால் தெளிந்த நீர்தான் வரும்; நாற்பட்டைத் தண்டும் சதைப்பற்றும் உண்டு, பெயரிலும் கள்ளி உண்டு. ஆனால் அது எருக்கின் சுற்றம். அதன் ஆப்பிரிக்கச் சொந்தமான ஹூடியாவுக்கு முள்ளும் உண்டு, தெளிந்த சாறும் உண்டு. பார்வைக்கு அசல் காக்டஸ். மடகாஸ்கரின் பாக்கிப்போடியத்துக்கும் அப்படியே. இவை எதிலும் அரியோல் இல்லை. எனவே என் வரிசை இப்போது மாறியிருக்கிறது: முதலில் லென்ஸும் மெத்தையும், அதன்பின் முள்ளைப் பிடுங்கிப் பார்ப்பது, இரண்டிலும் தெளியாவிட்டால் மட்டுமே ஊசி. பாலைக் கண்டால் பெரும்பாலும் காக்டஸ் அன்று என்று விலக்கலாம். இது காக்டஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல அரியோல் வேண்டும். பிறர் வீட்டுச் செடியில் நான் ஊசியைத் தொடுவதே இல்லை. நர்சரியிலும் அப்படியே; உதிர்ந்த அல்லது ஒடிந்த துண்டு ஒன்று தொட்டியில் கிடந்தால் அதைப் புரட்டிப் பார்ப்பேன், உடைந்த முகத்தில் காய்ந்த வெள்ளைப் படலம் இருந்தால் அதுவே போதுமான செய்தி.

இலையை வைத்து முடிவு செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். இலைக்கள்ளியிலும் யூஃபோர்பியா டிரைகோனாவிலும் இலை இருப்பதால் இலை இருந்தால் யூஃபோர்பியா என்று தோன்றும். ஆனால் சப்பாத்திக்கள்ளியின் இளம் மடலிலும் சிறு கூம்பு இலைகள் சில நாட்கள் இருந்து உதிரும். பெரெஸ்கியாவோ சாதாரண மரம் போல அகன்ற இலைகளோடு நிற்கிற காக்டஸ். அதன் இலைக் கக்கத்திலும் மயிர்மெத்தையும் முள்கொத்தும் இருப்பதைப் பார்த்துத்தான் குலத்தைச் சொல்ல முடியும்.

செய்தித்தாளின் மேல் கிடந்த இரண்டு குட்டிகளையும், பக்கத்து வீட்டு டிராகன் துண்டு வேர் பிடித்து நிமிர்ந்தபின் எடுத்துப் பார்த்தேன். சற்றே சுருங்கியிருந்தனவே தவிர, உயிர் இருந்தது. இம்முறை தண்டை வெட்டியதும் கத்தியில் வழவழப்பான, நிறமற்ற சாறு இழை இழையாக வந்தது. வெட்டுமுகத்தின் நடுவில், சதையை விடச் சற்று வெளிறிய சிறு வளையம் ஒன்று தெரிந்தது. அதுதான் நீரும் உணவும் ஓடும் நரம்பு வளையம். மூன்று பட்டை விளிம்புகளையும் சாய்வாகச் சீவினேன். சீவாவிட்டால் சதை காய்ந்து உள்வாங்கும்போது நடு குழிந்து, விறைப்பான தோல் விளிம்பு மேலே நின்று, ஒட்டைத் தூக்கித் தள்ளிவிடும். குட்டியின் அடியையும் வெட்டினேன். அதிலும் வளையம் இருந்தது, ஆனால் மிகச் சிறியது. பெரிய வளையத்துக்குள் சிறியதை நட்டநடுவே வைத்தால் ஒன்றையொன்று தொடாமலே போய்விடும் என்பதால், ஒரு பக்கமாக நகர்த்தி இரண்டும் குறுக்காக வெட்டிக்கொள்ளும்படி வைத்து, காற்றுக்குமிழி வெளியேற மெதுவாக அழுத்தித் திருகி, ரப்பர் வளையம் போட்டேன். நிழலில், மேலே தண்ணீர் படாமல், பத்து நாள். இரண்டாவது குட்டி அழுகிவிட்டது, முதலாவது பிடித்துக்கொண்டது. மூன்று மாதத்தில் அது எலுமிச்சையளவு ஆயிற்று.

தலை வெட்டுப்பட்ட சதுரக்கள்ளியை எறிய மனம் வரவில்லை. மாடியின் மூலையில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். வெட்டுக்குக் கீழே இரண்டு கிளைகள் விட்டது. இந்த ஆண்டு பங்குனியில் பூத்தது. பெரிய பூவை எதிர்பார்த்திருந்தால் காணாமலே விட்டிருப்பேன்: பச்சையோடிய மஞ்சளில், கொத்துமல்லி விதையளவுக் கிண்ணங்கள், மும்மூன்றாக. லென்ஸை எடுத்து அவை எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தேன். இரண்டு முட்களுக்கு நடுவிலிருந்து அல்ல. கொம்புத் தகட்டுக்குச் சற்று மேலே, முன்பு கடுகளவாகத் தெரிந்த அந்தக் கண்ணிலிருந்து.